பத்திரம் உங்கள் பெயரில், பங்கு யார் பெயரில்?

மும்பையில் ஃபிளாட் வாங்கும் நம்மவர்கள் பலரும் சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் கட்டைவிரல் ரேகை பதித்து வெளியே வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சென்னைப் பழக்கம் அது. அங்கே கிரயப் பத்திரத்திலேயே நிலத்தின் பிரிபடாத பங்கு உங்கள் பெயருக்கு வந்துவிடும். அசோசியேஷனில் பெயர் சேர்ப்பது அதற்குப் பிறகு நடக்கும் சின்னச் சடங்குதான். செம்பூரிலோ முலுண்டிலோ டோம்பிவிலியிலோ வீடு வாங்கும்போது கதை வேறு. டீ ஊற்றி வைத்திருக்கிறேன், நிதானமாகவே பேசலாம். இது அவசரப்பட்டால் கெட்டுப்போகிற விஷயம்.

மகாராஷ்டிரத்தில் பெரும்பாலான அடுக்குமாடிகள் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள். 1960-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. பில்டர் முறையாக எழுதிக்கொடுத்திருந்தால் நிலமும் கட்டடமும் சங்கத்தின் சொத்து. உங்களுக்கு விற்றவரிடம் இருந்தவை இரண்டு: சங்கத்தில் சில பங்குகள், அந்தப் பங்குகளோடு சேர்ந்து வரும் இன்ன எண் ஃபிளாட்டில் குடியிருக்கும் உரிமை. பங்கின் முகமதிப்பு ரொம்பச் சின்னது. 50 ரூபாய்ப் பங்கு ஐந்தோ பத்தோ இருக்கும், அவ்வளவுதான். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 250 ரூபாய்க்கு ஒரு ஷேர் சர்டிபிகேட்டா என்று சிலர் அதை அலட்சியமாகப் பார்ப்பார்கள். ஆனால் சங்கத்தின் கண்ணில் நீங்கள் யார் என்பதை அந்த ஒரு தாள்தான் சொல்கிறது.

பதிவான ஒப்பந்தம் விற்றவருக்கும் உங்களுக்கும் இடையில் நடந்தது. சங்கம் அதில் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே சங்கம் தன் புத்தகத்தில் பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை எழுதும் வரை, வீட்டுக்குள் குடியிருப்பவர் நீங்கள், உறுப்பினர் அவர். பொதுக்குழு நோட்டீஸ் அவர் பெயருக்கு வரும். ஓட்டு உங்களுக்கு இல்லை. மெயின்டனன்ஸ் பில் அவர் பெயரிலேயே ஓடும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை என்று தோன்றலாம். கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகும் நாளில்தான் வலி தெரியும். புதிய கட்டடத்தில் யாருக்கு எந்த ஃபிளாட் என்று பில்டர் ஒப்பந்தம் எழுதும்போது சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டுதான் எழுதுவார்.

இந்தப் பெயர் மாற்றத்துக்குச் சட்டம் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. முழுமையான விண்ணப்பம் சங்கத்தின் கைக்குப் போன தேதியிலிருந்து அது ஓடத் தொடங்கும். எந்தத் தேதியில் கொடுத்தோம் என்பதற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் அது ஓடவே ஓடாது. நான் பார்த்த தகராறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்தில் வந்து நிற்பவை. ஆகவே இதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

விண்ணப்பம் என்று சொன்னாலும் அது ஒரே தாள் இல்லை. மாநில அரசின் மாதிரி பைலாவை ஏறக்குறைய எல்லாச் சங்கமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதில் 38-ஆவது விதி பங்கு மாற்றத்துக்கானது. விற்பவர், தன் பங்கையும் உரிமையையும் இன்னாருக்கு மாற்ற நினைக்கிறேன் என்று 15 நாள் முன்னறிவிப்பாகச் செக்ரட்டரிக்கு ஒரு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது பைலாவின் இணைப்பில் 20(1) என்ற படிவம். வாங்குபவர் சம்மதிக்கிறார் என்பது 20(2). ஒப்பந்தம் பதிவான பிறகு அடுத்த கட்டுத் தாள்கள்: விற்றவரின் மாற்ற விண்ணப்பம், அவருடைய உறுப்பினர் ராஜினாமா, வாங்கியவரின் உறுப்பினர் விண்ணப்பம், சங்கத்தின் பாக்கிகளைத் தீர்ப்பேன், விதிகளுக்குக் கட்டுப்படுவேன், வீட்டை வீடாகவே பயன்படுத்துவேன் என்ற உறுதிமொழிகள். இவற்றோடு பதிவான ஒப்பந்தத்தின் நகல், இன்டெக்ஸ் டூ, அசல் ஷேர் சர்டிபிகேட், கட்டணங்களுக்கான காசோலை. அடையாள அட்டை, பான் அட்டை நகல்களும் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள், அதில் வாதாட ஒன்றுமில்லை.

இந்தக் கட்டில் விற்றவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நோட்டீஸ், மாற்ற விண்ணப்பம், ராஜினாமா எல்லாமே அவர் போட வேண்டியவை. பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டு அவர் புனேவுக்கோ மகன் இருக்கும் வெளிநாட்டுக்கோ போய்விட்டால், ஒவ்வொரு கையெழுத்துக்கும் நீங்கள் தவம் கிடக்க வேண்டும். மீதித் தொகையின் காசோலையைக் கொடுக்கும் முன்பே, அதே மேசையில், சங்கத்தின் படிவங்கள் அத்தனையிலும் அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். வங்கிக் கடனில் வாங்குகிறீர்கள் என்றால் வங்கி தன் காசோலையை நீட்டும் நாள்தான் அந்த நாள். படிவங்களைச் செக்ரட்டரியிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஃபிளாட் எண், சர்டிபிகேட் எண் எல்லாவற்றையும் நிரப்பி எடுத்துப் போங்கள்.

அசல் ஷேர் சர்டிபிகேட் எங்கே இருக்கிறது என்பதையும் அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். விற்பவர் வீட்டுக்கடன் வாங்கியிருந்தால் அசல் அவருடைய வங்கியின் பெட்டகத்தில் இருக்கும். கடனை அடைத்த பிறகு அது வெளியே வரச் சில நாட்கள் பிடிக்கும். தொலைந்துபோயிருந்தால் காவல் நிலையத்தில் புகார், பத்திரிகையில் அறிவிப்பு, இழப்பீட்டு உறுதிப் பத்திரம் என்று நடைமுறை முடித்து நகல் சர்டிபிகேட் எடுக்க வேண்டும். அதை விற்பவர் தன் பெயரில், விற்பதற்கு முன்பே எடுத்துத் தரட்டும். விற்ற பிறகு அதை எடுக்கும் அக்கறை அவருக்கு இருக்காது, உரிமை உங்களுக்கு இருக்காது.

சர்டிபிகேட் கைக்கு வந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முக்கியம். அங்கே கட்டம் போட்ட ஒரு பட்டியல் இருக்கும்: மாற்றம் எந்தத் தேதியில் எந்தக் கூட்டத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது, யாருக்கு மாற்றப்பட்டது, பங்குப் பதிவேட்டில் விற்றவருடைய வரிசை எண் என்ன, வாங்கியவருடையது என்ன என்று. ஒவ்வொரு வரிக்கும் சேர்மன், செக்ரட்டரி, கமிட்டி உறுப்பினர் ஒருவர் ஆகியோரின் கையெழுத்து இருக்கும். அந்த வீடு இதற்கு முன் எத்தனை கை மாறியிருக்கிறதோ அத்தனை வரிகள் அங்கே இருக்க வேண்டும், கடைசி வரியில் உங்களுக்கு விற்பவர் பெயர் இருக்க வேண்டும். பெயர்கள் ஒரு சங்கிலியாகப் பில்டரிடம் வாங்கிய முதல் ஆளிலிருந்து உங்கள் விற்பனையாளர் வரை வருகின்றனவா என்று ஒப்பந்தங்களோடு ஒப்பிடுங்கள். நடுவில் ஒரு ஒப்பந்தம் பதிவாகாமலோ முத்திரைத் தீர்வை குறைவாகவோ இருந்தால் கமிட்டி அந்த இடத்தில் கைவைக்கும். சொல்லப்போனால், அங்கே கைவைக்க அதற்கு நியாயமும் உண்டு.

எண்களையும் பாருங்கள். ஐந்து பங்கு வீதம் வரிசையாகக் கொடுத்த ஒரு சங்கத்தில் 12-ஆம் சர்டிபிகேட்டின் பங்கு எண்கள் 56 முதல் 60 வரை இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் தட்டச்சுப் பிழையாக 51 முதல் 55 என்று விழுந்திருந்தால் நீங்கள் வாங்கியிருப்பது தாளில் பக்கத்து வீட்டுப் பங்கு. பதிவுக்கு முன் கண்ணில் பட்டால் ஒரு நிமிடத்தில் திருத்தலாம். பிறகு என்றால் திருத்தப் பத்திரம், மறுபடியும் இருவரும் சப்-ரிஜிஸ்ட்ரார் முன்னால் போய் நிற்பது.

விற்பவர் பெயர் பின்பக்கத்தில் இல்லாமல், இறந்துபோன அவருடைய அப்பா பெயரே இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அப்பா இவரை நாமினியாகப் போட்டிருந்தார் என்ற ஒரே காரணத்தால் இவருக்கு விற்கும் உரிமை வந்துவிடாது. 2019-இல் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் வீட்டுவசதிச் சங்கங்களுக்கென்று தனி அத்தியாயமே சேர்த்தார்கள். அதன்படி, வாரிசு யார் என்பது முறைப்படி தீரும் வரை நாமினி தற்காலிக உறுப்பினர்தான். மற்ற வாரிசுகளின் விடுவிப்புப் பத்திரமோ நீதிமன்ற ஆவணமோ வந்து, சர்டிபிகேட் அவர் பெயருக்கு மாறிய பிறகு வாங்குவதுதான் பத்திரம்.

சரி, கட்டு தயார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் உதாரணம் எடுத்துக்கொண்டு தேதி போட்டுப் பார்க்கலாம். முலுண்டில் ஒரு தம்பதி 1 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு இரண்டு படுக்கையறை ஃபிளாட் வாங்குகிறார்கள். மே மாதம் விற்பவர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். ஜூன் 10 அன்று ஒப்பந்தம் பதிவாகிறது. ஜூன் 24 அன்று கணவர் முழுக் கட்டையும் செக்ரட்டரி வீட்டுக்கு எடுத்துப் போகிறார். செக்ரட்டரி நல்ல மனிதர், டீ கொடுத்து உட்கார வைக்கிறார், "வைத்துவிட்டுப் போங்கள் சார், கமிட்டியில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்கிறார்.

வைத்துவிட்டு மட்டும் வரக்கூடாது. கட்டின் மேல் ஒரு முகப்புக் கடிதம் இருக்க வேண்டும். உள்ளே என்னென்ன தாள்கள், எத்தனை பக்கம், காசோலை எண் என்ன, தொகை எவ்வளவு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அதன் நகலில் சங்கத்தின் முத்திரை, தேதி, கட்டைப் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து மூன்றையும் பெற்றுக்கொள்ளுங்கள். அசல் சர்டிபிகேட்டை ஒப்படைத்ததையும் அதிலேயே குறிப்பிட்டு, இரு பக்கமும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை வீட்டில் இல்லை, நாளைக்குப் போட்டுத் தருகிறேன் என்றால் சங்கடப்படாமல் "நாளைக்கே வருகிறேன்" என்று கட்டைத் திருப்பி எடுத்துவாருங்கள். நம் ஆட்களுக்கு இது கஷ்டமாக இருக்கும். டீ குடித்த வீட்டில் ரசீது கேட்பதா என்று கூச்சம். செக்ரட்டரி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அடுத்த மாதம் தேர்தல் வந்து கமிட்டி மாறினால் புதியவருக்கு உங்கள் கட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அந்த ஜூன் 24-தான் கடிகாரத்தின் தொடக்கம். தாள்களில் குறை இருந்தால் ஏழு நாளுக்குள் செக்ரட்டரி எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது பைலாவின் ஏற்பாடு. பிறகு கமிட்டி கூடி முடிவெடுக்க வேண்டும். மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முடிவெடுத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் அல்லது விண்ணப்பம் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள், இரண்டில் எது முந்துகிறதோ அதற்குள். சட்டத்தின் 22-ஆவது பிரிவு இப்படிச் சொல்கிறது. மூன்று மாதம் முடிந்தும் எந்த முடிவும் வராவிட்டால் விண்ணப்பித்தவர் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டதாகவே கருதப்படுவார். முலுண்டு தம்பதிக்கு அந்தத் தேதி செப்டம்பர் 24.

வாய் வார்த்தையாக "கமிட்டியில் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்வது மறுப்பு ஆகாது. வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதும் ஆட்சேபமும் ஆகாது. அதே சமயம், ஏழாவது நாள் செக்ரட்டரி "முந்தைய ஒப்பந்தத்தின் நகல் இல்லை" என்று கடிதம் கொடுத்தும் நீங்கள் அதைத் தராமல் இருந்தால், விண்ணப்பம் முழுமையாகவில்லை என்று சங்கம் பின்னால் வாதிடும். விடுபட்டதைக் கொடுத்து அதற்கும் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். விற்றவருடைய மெயின்டனன்ஸ் பாக்கியும் இப்படித்தான். சங்கத்துக்குச் சேர வேண்டியது தீராமல் மாற்றம் செல்லாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே பதிவுக்கு முன்பே சங்கத்திடம் பாக்கியில்லைக் கடிதம் வாங்குங்கள். அதில் பொதுக்குழு ஏற்கெனவே தீர்மானித்து இன்னும் வசூலிக்காத பெரிய பழுதுபார்ப்புத் தொகை ஏதும் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். வெளிப்பூச்சுக்கென்று வீட்டுக்கு 60,000 ரூபாய் தீர்மானமாகி இரண்டு தவணைதான் போயிருக்கிறது என்றால், மிச்சம் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.

என்ஓசி பற்றியும் பலர் குழம்புகிறார்கள். பங்கையும் உரிமையையும் மாற்றச் சங்கத்தின் என்ஓசி தேவையில்லை என்று மாதிரி பைலாவே சொல்கிறது. வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கி கேட்பதால்தான் நாம் அதைக் கேட்டுப் போகிறோம். கேட்டால் கமிட்டி ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். என்ஓசி தரமாட்டேன் என்று சொல்லி விற்பனையையே தடுக்க முடியும் என்று சில செக்ரட்டரிகள் நம்புகிறார்கள். அந்த அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது.

இப்போது பணம். முலுண்டு தம்பதியிடம் ஜூலையில் கமிட்டி ஒரு செய்தி அனுப்புகிறது: "கட்டட வளர்ச்சி நிதிக்கு விற்பனை விலையில் ஒரு சதவீதம், அதாவது 1,20,000 ரூபாய் நன்கொடையாகக் கொடுங்கள். எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள். பிறகு சர்டிபிகேட்டில் பெயர் ஏற்றித் தருகிறோம்." இது மும்பையில் மிகவும் பழகிப்போன வாக்கியம். சட்டப்படி கொடுக்க வேண்டியது எவ்வளவு? மாற்றக் கட்டணம் 500 ரூபாய். வாங்குபவரின் நுழைவுக் கட்டணம் 100 ரூபாய். இவை போக, மாற்றப் பிரீமியம் என்று ஒன்று. அதன் அளவைப் பொதுக்குழு தீர்மானிக்கலாம், ஆனால் அரசு போட்ட உச்சவரம்பைத் தாண்டக்கூடாது. 2001 ஆகஸ்ட் 9 தேதியிட்ட மாநில அரசின் ஆணைப்படி மாநகராட்சிப் பகுதியில் உச்சவரம்பு 25,000 ரூபாய். சிறிய நகராட்சிகளில் இன்னும் குறையும், கிராமப் பஞ்சாயத்துப் பகுதியில் 5,000 ரூபாய். வீடு 40 லட்சத்துக்கு விற்றாலும் 4 கோடிக்கு விற்றாலும் அதே வரம்புதான். குடும்பத்துக்குள் மாற்றினாலோ, உறுப்பினர் இறந்தபின் வாரிசுக்கோ நாமினிக்கோ போனாலோ பிரீமியமே கிடையாது.

ஆக, முலுண்டு தம்பதி கொடுக்க வேண்டியது அதிகபட்சம் 25,600 ரூபாய். அதுவும் பொதுக்குழு 25,000 என்று தீர்மானித்திருந்தால்தான். 10,000 என்று தீர்மானித்திருந்தால் 10,600 போதும். மேல்கொண்டு நன்கொடை, நிதிக்குப் பங்களிப்பு, வேறு எந்தப் பெயரிலும் விற்றவரிடமோ வாங்கியவரிடமோ வசூலிக்கக்கூடாது என்று பைலாவில் வெளிப்படையாகவே இருக்கிறது. சொந்த விருப்பத்தில் கொடுத்ததாக எழுதி வாங்கிக்கொண்டால் சரியாகிவிடும் என்று கமிட்டிகள் நினைக்கின்றன. சர்டிபிகேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்பதில் விருப்பம் எங்கிருந்து வரும்? எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. கட்டடத்துக்கு நிதி வேண்டுமென்றால் பொதுக்குழுவைக் கூட்டி எல்லா வீட்டிலும் சமமாக வாங்கட்டும். புதிதாக வருகிறவர் தலையில் மட்டும் கட்டுவது தவறு.

பிரீமியத்தை யார் கொடுப்பது என்பதை விற்பவரும் வாங்குபவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். மும்பையில் பாதிப் பாதி போட்டுக்கொள்வது சகஜம். அடிப்படையில் அது வெளியேறும் உறுப்பினரின் பொறுப்பு. வசதிக்காக வாங்குபவர் ஒரு பங்கைக் கொடுத்தாலும், அவரை உறுப்பினராகச் சேர்த்த பிறகுதான் சங்கம் அதை எடுத்துக்கொள்கிறது, சேர்க்காவிட்டால் திருப்பித்தர வேண்டியது என்று வெங்கடேஷ் பிரிமைசஸ் சங்கத்தின் வருமான வரி வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கு வரியைப் பற்றியது என்றாலும் இந்த விளக்கம் நமக்குப் பயன்படும்.

1,20,000 கேட்டவர்களுக்கு என்ன பதில் எழுதுவது? சண்டை வேண்டாம். "மாற்றப் பிரீமியத்தைத் தீர்மானித்த பொதுக்குழுத் தீர்மானத்தின் நகலையும், நன்கொடை வசூலிக்க இடம் தரும் பைலாவின் எண்ணையும் தெரிவியுங்கள். 25,600 ரூபாய்க்கான காசோலையை விண்ணப்பத்தோடு கொடுத்திருக்கிறோம்" என்று இரண்டே வாக்கியம். அதற்கும் ஒப்புகை. பெரும்பாலான கமிட்டிகள் இந்தக் கடிதத்தோடு இறங்கிவந்துவிடும், ஏனென்றால் எழுத்தில் காட்ட அவர்களிடம் ஒன்றும் இருக்காது. வீட்டுக் கடன் அவசரத்தாலோ வேறு நெருக்கடியாலோ கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக, ஆட்சேபத்தோடு கொடுக்கிறோம் என்று கடிதம் வைத்துக் கொடுங்கள். பின்னால் திருப்பிக் கேட்க அந்த ஒரு வரி வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 24 தாண்டிவிட்டது, பதிலில்லை என்றால் அடுத்த படி துணைப் பதிவாளர் அலுவலகம். மும்பையில் கூட்டுறவுத் துறை வார்டு வாரியாக இவர்களை வைத்திருக்கிறது. சட்டப்படி நீங்கள் உறுப்பினராகக் கருதப்படுகிறீர்கள் என்பது சரி, ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு செக்ரட்டரி வீட்டு வாசலில் நின்றால் சர்டிபிகேட்டில் பெயர் ஏறாது. ஒருவர் அப்படி உறுப்பினராகிவிட்டாரா இல்லையா என்ற கேள்வி எழுந்தால் பதிவாளர் இரு தரப்பையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று அதே 22-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த உத்தரவுக்குத்தான் விண்ணப்பிக்கிறோம். ஒப்புகை பெற்ற முகப்புக் கடிதம், ஒப்பந்தம், இன்டெக்ஸ் டூ, கட்டணம் செலுத்திய அத்தாட்சி, இடையில் நடந்த கடிதங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொடுங்கள். சங்கத்துக்கு நோட்டீஸ் போகும், விசாரணை நடக்கும், உத்தரவு வரும். அந்த உத்தரவை வைத்துச் சங்கம் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எழுத்தில் மறுப்பு வந்திருந்தால் வழி வேறு. 23-ஆவது பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்ய வேண்டும், தாமதிக்காமல் செய்ய வேண்டும்.

கட்டையே வாங்க மறுத்தால்? செக்ரட்டரி கதவைத் திறக்கவில்லை, ஸ்பீட் போஸ்ட்டும் திரும்பி வந்துவிட்டது என்றால் அதற்கும் 23-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. விண்ணப்பத்தையும் பணத்தையும் நேராகப் பதிவாளரிடம் கொடுக்கலாம். அவர் 30 நாளுக்குள் அதைச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். சங்கத்துக்குக் கிடைத்த 60 நாளுக்குள் முடிவு தெரிவிக்காவிட்டால் அங்கேயும் உறுப்பினராகக் கருதப்படுவீர்கள். திரும்பி வந்த தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பிரிக்காமல் வைத்திருங்கள். மறுத்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

இவ்வளவு தூரம் போகாமலே பெரும்பாலான மாற்றங்கள் நடந்துவிடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஒழுங்கான கமிட்டி மாதாந்தரக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அடுத்த வாரமே சர்டிபிகேட்டைத் தந்துவிடும். அதைக் கையில் வாங்கும்போது நின்று படியுங்கள். பின்பக்கத்தில் புதிய வரியில் கூட்டத்தின் தேதி இருக்கிறதா, மூன்று கையெழுத்தும் சங்கத்தின் முத்திரையும் விழுந்திருக்கின்றனவா, பெயர் எழுத்துக்கள் ஒப்பந்தத்தில் இருப்பதுபோலவே உள்ளனவா என்று பாருங்கள். தமிழ்ப் பெயர்களில் இது அடிக்கடி கோணலாகும். ஒப்பந்தத்தில் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்போம், செக்ரட்டரி இனிஷியலோடு விட்டுவிடுவார், அல்லது அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி முன்னால் தூக்கிப் போட்டுவிடுவார். பத்து வருடம் கழித்து விற்கும்போது வாங்குபவரின் வங்கி இரண்டும் ஒரே ஆள்தானா என்று பிரமாணப் பத்திரம் கேட்கும்.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கியிருந்தால் வரிசையையும் பாருங்கள். ஒப்பந்தத்தில் யார் முதலில் இருக்கிறாரோ அவரே சர்டிபிகேட்டிலும் முதலில் இருக்க வேண்டும், ஏனென்றால் பொதுக்குழுவில் ஓட்டு முதல் பெயருக்குத்தான். அவர் வராதபோதுதான் அடுத்தவர் போடலாம்.

சர்டிபிகேட்டில் எழுதினால் மட்டும் போதாது. சங்கத்தில் பங்குப் பதிவேடு இருக்கிறது, உறுப்பினர் பற்றிய முழு விவரம் எழுதும் ஐ ரிஜிஸ்டர் இருக்கிறது, உறுப்பினர் பட்டியலான ஜே ரிஜிஸ்டர் இருக்கிறது. மூன்றிலும் பெயர் ஏறியிருக்க வேண்டும். தீர்மானத்தின் நகலையும் உங்கள் பெயர் உள்ள ஐ, ஜே பக்கங்களின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதற்குரிய நகல் கட்டணம் கட்டினால் போதும். சங்கத்தின் தேர்தலும் ரீடெவலப்மென்ட் ஓட்டெடுப்பும் அந்தப் பட்டியலை வைத்துத்தான் நடக்கின்றன. கடன் கொடுத்த வங்கி இருந்தால் அதன் கடன் உரிமையைச் சங்கம் குறித்துக்கொண்டதற்கான கடிதத்தையும் அதே சமயம் வாங்கி, அசலை வங்கியிடம் ஒப்படைக்கும் முன் இரு பக்கமும் தெளிவாக நகலெடுத்துவிடுங்கள். மின் இணைப்பு, சொத்து வரி, குழாய் எரிவாயு ஆகியவற்றின் பெயர் மாற்றத்துக்கு அந்த நகல் உதவும்.

அதே நாளில் நாமினேஷன் படிவத்தை மூன்று பிரதியாக நிரப்பிக் கொடுத்து, ஒன்றில் ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். விற்றவர் கொடுத்திருந்த நாமினேஷன் அவர் உறுப்பினராக இருந்த வரைக்கும்தான். உங்களுக்கு இன்னும் ஒன்றும் கிடையாது. முதல் முறை பதிவு செய்யக் கட்டணம் இல்லை. கமிட்டி அதையும் கூட்டத்தில் வைத்துக் குறித்து நாமினேஷன் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஆகவே அடுத்த கூட்டம் முடிந்ததும் செக்ரட்டரியைப் பார்த்து எந்த வரிசை எண்ணில் ஏறியது என்று கேட்டு உங்கள் பிரதியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.